ஹேண்ட்ஓவர் நோட் எழுதிக் கொடுத்தாலும் போன் ஓயாதா? (23-ஆம் தேதி கிளம்புகிறேன்)

நூல்கண்டு | ஜூலை 1, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். பெரியவர், சின்னவர் என்று இரண்டு பார்ட்னர்கள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் உள்ளே. கணக்கு என்று சொன்னாலும் பில், சரக்கோடு போகும் டி.சி., ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பி.எஃப்., சனிக்கிழமை சம்பளம், பார்ட்டியிடம் பணம் கேட்பது வரை எல்லாம் என் தலையில்தான். வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல், அதனால் 23-ஆம் தேதியோடு நிற்கிறேன். புதுப் பெண் நாளை வருகிறாள். பி.காம்., டாலி தெரியும், ஒன்றரை வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்திருக்கிறாள்.

நான் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சாவிக்கொத்தையும் ஒரு டைரியையும் கொடுத்துவிட்டுப் போனார். முதல் ஆறு மாதம் அவருக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில் அவர் எடுப்பதையே நிறுத்திவிட்டார். இவளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று ஒரு மாதமாக உட்கார்ந்து 38 பக்கம் டைப் செய்து வைத்திருக்கிறேன். இன்று ஸ்டோர் பையனிடம் கொடுத்து, “நாளைக்கு நான் இல்லையென்றால் இதைப் பார்த்து ஒரு டையிங் பில் என்ட்ரி போடுவாயா?” என்று கேட்டேன். பதினைந்து நிமிடம் புரட்டினான். “அக்கா, உங்களுக்கே போன் பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டான்.

எங்கே தப்பு செய்தேன்?

---

மௌஸ்பிடி | ஜூலை 1, இரவு 10:05

38 பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஐ.டி.யில் இருக்கிறேன், எங்கள் டீமில் யார் கிளம்பினாலும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்தான். நீங்கள் வேலை செய்யும்போதே திரையைப் பதிவு செய்துகொண்டு பேசிக்கொண்டே போங்கள், பத்து வீடியோவில் முடிந்துவிடும். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் போட்டு அந்தப் பெண்ணுக்கும் முதலாளிக்கும் ஷேர் பண்ணிவிடுங்கள். அவ்வளவுதான் ஹேண்ட்ஓவர்.

---

பேரேடு | ஜூலை 1, இரவு 11:20

முப்பத்தொரு வருடம் மில், எக்ஸ்போர்ட், டிரேடிங் என்று கணக்கெழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஐந்து இடத்தில் ஒப்படைத்திருக்கிறேன், ஐந்து இடத்தில் வாங்கியும் இருக்கிறேன்.

அம்மணி, நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக “நான் என்னென்ன வேலை செய்கிறேன்” என்பதாக இருக்கும். டையிங் பில் என்ட்ரி எப்படிப் போடுவது என்று அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்லவே தேவையில்லை, டாலி தெரிந்தவளுக்கு அது தெரியும். அவள் போன் போடப்போவது வேறு இடத்தில்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் லீவு போட்ட நாட்களை எடுங்கள். அந்த நாட்களில் ஆபீஸிலிருந்து உங்களுக்கு என்னென்ன கேட்டு போன் வந்தது? போனிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். அதுதான் உங்கள் நோட்டின் முதல் இரண்டு பக்கம். மற்றதெல்லாம் பின்னிணைப்பு.

தம்பி சொன்ன வீடியோ டாலிக்கு ஓரளவு சரி. ஜி.எஸ்.டி. தளத்தில் திரை மாறிக்கொண்டே இருக்கிறது, ஆறு மாதத்தில் வீடியோவில் இருக்கும் பட்டன் இருக்காது. அதோடு அவசரத்தில் இருப்பவள் நாற்பது நிமிட வீடியோவில் எந்த இடம் என்று தேட மாட்டாள், போன்தான் போடுவாள். பாஸ்வேர்டு ஷீட் மட்டும் வேண்டவே வேண்டாம். நோட் கை மாறும், பிரிண்ட் எடுப்பார்கள், மேசை மேல் கிடக்கும். பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் நோட்டில் இருக்கட்டும். மூடின கவரில் பார்ட்னரின் பீரோவில் இருக்கலாம்.

---

மௌஸ்பிடி | ஜூலை 1, இரவு 11:31

கவர், பீரோ எல்லாம் எந்தக் காலம் சார். பாஸ்வேர்டு மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது.

---

பேரேடு | ஜூலை 1, இரவு 11:44

இருக்கிறது தம்பி. அந்தப் பார்ட்னருக்கு அறுபத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் | ஜூலை 2, காலை 6:15

அன்பருக்கு வணக்கம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். பொறுப்பு ஒப்படைக்கும்போது மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலும் “இத்துடன் ஒப்படைத்தேன்”, “பெற்றுக்கொண்டேன்” என்று இருவரும் கையொப்பம் இட வேண்டும். இருப்புப் பதிவேட்டில் நாற்காலி, மேசை, பீரோ எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். நான் ஒரு பள்ளியில் ஒரு தையல் இயந்திரத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டு, நான்கு வருடம் தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பணிவிடுவிப்பு ஆணை கைக்கு வரும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

---

நூல்கண்டு | ஜூலை 2, காலை 8:50

ஐயா நன்றி. நான் கேட்டது கொஞ்சம் வேறு. என் மேல் பழி வராமல் இருப்பதைவிட அவளுக்கு வேலை ஓட வேண்டும் என்பதுதான். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று உறைத்தது. பெரியவர் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஆறு என் டிராயரில் இருக்கிறது. அதை எண்ணோடு எழுதி, முன்னால் வைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பெட்டி கேஷ் இருப்பும் அப்படியே.

பேரேடு அண்ணா, நேற்று ராத்திரியே லீவு நாள் போன்களை எடுத்தேன். பதினொரு நாள் லீவு போட்டிருக்கிறேன், 43 போன். எனக்கே சிரிப்பு வந்தது. அதில் “எப்படி என்ட்ரி போடுவது” என்று கேட்டது மூன்றுதான். மீதியில் பாதிக்கு மேல் “ஓடிபி வந்திருக்கா சொல்லுங்க”. அப்புறம் “டையிங்காரர் வெயிட் குறைச்சு அனுப்பியிருக்கார், பில்லை வாங்கலாமா?”. அப்புறம் “இந்தப் பார்ட்டிக்கு இன்னைக்கு லோடு விடலாமா, பேலன்ஸ் நிக்குதே?”. இந்த மூன்றும் 38 பக்கத்தில் எங்கேயுமே இல்லை.

---

பேரேடு | ஜூலை 2, காலை 10:30

பார்த்தீர்களா. இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

ஓடிபி முதலில். ஜி.எஸ்.டி. பதிவில் யார் மொபைல், யார் மெயில் இருக்கிறது?

---

நூல்கண்டு | ஜூலை 2, காலை 10:41

என்னுடையதுதான்... பெரியவர் போனை எடுக்க மாட்டார் என்று 2019-இல் என் நம்பரைப் போட்டோம்.

---

பேரேடு | ஜூலை 2, காலை 11:15

இதை நோட்டில் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை, இன்றைக்கே மாற்ற வேண்டும். பார்ட்னர்ஷிப் என்பதால் டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் ஓடிபி வழியாகவே ரிட்டர்னில் கையெழுத்திடுவீர்கள். அந்த எண்ணை மாற்ற, தளத்தில் பதிவு விவரத்தில் ‘நான்-கோர்’ திருத்தம் என்று இருக்கும். அதற்குள் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பக்காரர் பகுதிக்குப் போய் பார்ட்னரின் எண்ணையும் மெயிலையும் போட வேண்டும். கடைசியில் அந்தத் திருத்தத்துக்குக் கையெழுத்திட ஓடிபி கேட்கும், அது இப்போது பதிவில் இருக்கும் எண்ணுக்கே, அதாவது உங்களுக்கே வரும். நீங்கள் ஓசூர் போய் சிம் மாற்றினாலோ, மெயில் மறந்தாலோ கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம் பார்ட்னர் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு வட்ட அலுவலகத்துக்குப் போய் அதிகாரி மூலமாக மாற்ற வேண்டியிருக்கும்.

ஈ-வே பில் தளம் தனி, அதில் துணைப் பயனர் உருவாக்கலாம். புதுப் பெண்ணுக்குத் தனியாக ஒன்று போட்டுக் கொடுங்கள். வருமான வரி, டிரேசஸ், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றிலும் யார் எண் இருக்கிறது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். நினைவை நம்பாதீர்கள்.

---

ஈரோட்டுக்காரி | ஜூலை 2, பகல் 1:05

எங்கள் கம்பெனியில் டி.எஸ்.சி. டோக்கனோடு நடந்த கதை. போனவர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார், கடைசி எழுத்து ஆங்கில ஓவா சைபரா என்று தெரியவில்லை. புதுப் பையன் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான், டோக்கன் பூட்டிக்கொண்டது. போனவர் அன்று திருமணத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. 20-ஆம் தேதி. சான்றிதழைப் புதிதாக வாங்கித்தான் 3பி ரிட்டர்ன் போட்டோம், தாமதக் கட்டணத்தோடு. எழுதிக் கொடுத்தால் போதாது, அவர்கள் கையால் ஒரு முறை உங்கள் முன்னால் போட்டுப் பார்க்க வேண்டும்.

---

நூல்கண்டு | ஜூலை 2, மாலை 6:20

எண் மாற்றியாகிவிட்டது. பெரியவரின் நம்பர், பெரியவரின் மகன் மெயில். ஓடிபி உண்மையிலேயே எனக்குத்தான் வந்தது.

அடுத்து டையிங். இதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் இது எனக்கே வாயால் சொன்னது. கிரே துணி அனுப்புவோம், சாயம் போட்டு வரும்போது எடை குறையும். இந்த டையிங்காரரிடம் பேசி வைத்த கழிவு 7%. ஆனால் பில் வரும்போது சில நேரம் விட்டுவிடுவோம், சில நேரம் டெபிட் நோட் போடுவோம். எப்போது எது என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வரவில்லை.

---

பேரேடு | ஜூலை 2, இரவு 9:10

கடைசியாக நடந்த ஒன்றை அப்படியே எழுதுங்கள். விதி தானாக வெளியே வரும்.

---

நூல்கண்டு | ஜூலை 3, இரவு 10:30

சரி, எழுதிப் பார்த்தேன். இதுதான் நோட்டில் போடப்போவது:

> டையிங் எடை. ஜூன் 12 லாட்டில் 412 கிலோ போனது, 379 கிலோ வந்தது. குறைவு 33 கிலோ, 8%. பேசினது 7%, அதன்படி 28.84 கிலோ வரை குறையலாம். 4.16 கிலோ அதிகம். பில்லைக் கையில் வாங்கினேன், ஆனால் பாஸ் செய்யவில்லை. டி.சி.யில் ‘பயோ வாஷ்’ என்று இருக்கிறதா பார்த்தேன், இல்லை. (இருந்தால் 9% வரை கேள்வி கேட்பதில்லை. அந்த வாஷில் பஞ்சு உதிர்ந்து எடை குறைவது இயற்கை.) நம் தராசில் மறுபடி போட்டேன், 379தான். சின்னவரிடம் சொன்னேன். 4.16 கிலோவுக்குத் துணி விலையில் டெபிட் நோட் போட்டு, மீதியைப் பாஸ் செய்தேன்.
>
> 1 கிலோவுக்குள் வித்தியாசம் வந்தால் யாரிடமும் கேட்காமல் விட்டுவிடலாம். 10 கிலோவுக்கு மேல் போனால் பில்லையே வாங்க வேண்டாம், சின்னவர் பேசட்டும். பெரியவரிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம், அவரும் டையிங்காரரும் பழைய சிநேகிதம்.

எழுதும்போதுதான் அந்த 1 கிலோ, 10 கிலோ கணக்கு இருந்ததே எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கை செய்தது.

---

தறிநாடா | ஜூலை 3, இரவு 11:15

கடைசி வரி வேண்டாமே அக்கா. நோட் நாளைக்குப் பெரியவர் கையில் போகும். டையிங்காரர் வீட்டுப் பையன்கூட ஆபீஸ் வந்து போவான்.

---

பேரேடு | ஜூலை 4, காலை 7:40

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். “எடைப் பிரச்சினையைச் சின்னவர்தான் பார்க்கிறார்” என்று எழுதினால் அதே வேலை நடக்கும். சம்பந்தப்பட்டவர் படித்தாலும் முகம் கோணாத மாதிரி எழுதுங்கள். மற்றதை அவளிடம் டீக்கடையில் சொல்லுங்கள்.

ஆனால் பகுதி அருமை. ஒரு நடந்த கேஸ், அதில் நீங்கள் எங்கெங்கே நின்று பார்த்தீர்கள், எதுவரை அவளே முடிவெடுக்கலாம், எதற்கு மேல் யாரிடம் போக வேண்டும். போன் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயம் தெரியாததால்தான். வேலை தெரியாமல் அல்ல, அதிகாரம் எதுவரை என்று தெரியாமல்.

---

பட்டன்ஹோல் | ஜூலை 4, காலை 9:25

எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உங்கள் மதிப்பு என்ன? நான் எழுதாமல் வந்தேன். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, வாரம் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லி மாதம் 6,000 கொடுத்தார்கள்.

---

ஈரோட்டுக்காரி | ஜூலை 4, காலை 9:50

உங்களுக்கு 6,000. உங்கள் இடத்துக்கு வந்த ஆளுக்கு மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும் என்று அவரிடம் கேட்டீர்களா?

---

பட்டன்ஹோல் | ஜூலை 4, காலை 10:02

அவர் ஒரு மாதத்திலேயே போய்விட்டார். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

---

மௌஸ்பிடி | ஜூலை 4, பகல் 12:30

😂

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டீமில் வீடியோ எல்லாம் இருந்தும், போனவரிடம் கேட்பது “இந்த சர்வரை ஏன் ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது” மாதிரிதான். எப்படி என்பது வீடியோவில் இருக்கும், ஏன் என்பது இருக்காது.

---

பேரேடு | ஜூலை 4, மாலை 5:00

நூல்கண்டு அம்மணி, இன்னொரு விஷயம். நீங்கள் கிளம்பும் மாதம் ஜூலை. இது ஏமாற்றுகிற மாதம்.

உங்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சப்ளையர் யாராவது இருக்கிறார்களா? அட்டைப் பெட்டி, லேபிள், பாலி பேக் மாதிரி சின்னப் பார்ட்டிகள்?

---

நூல்கண்டு | ஜூலை 4, மாலை 6:10

அட்டைப் பெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பில்லில் மாதம் சுமார் 14,000 ரூபாய் வரி வரும். இடையில் மாதா மாதம் பில் ஏற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அவர் செய்ய மாட்டார்.

---

பேரேடு | ஜூலை 4, இரவு 8:25

அவர் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதப் பில்லையும் ஜூலை 13-க்குள் போடுவார். 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றின பில்களின் பட்டியலான உங்கள் 2பி வரும்போது மூன்று மாதமும் மொத்தமாக அதில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மாதம் இதுதான். கொள்முதல் கணக்கும் 2பி-யும் அழகாகப் பொருந்தும், அவளும் “அட, சுலபம்தான்” என்று நினைப்பாள். ஆகஸ்ட் 14 வரும். ஜூலைப் பெட்டி பில் எதுவும் 2பி-யில் இருக்காது. உங்களுக்குப் போன். அல்லது, அதைவிட மோசம், போன் போடாமல் 3பி-யில் அந்த வரியை வரவாக எடுத்துக்கொள்வாள். 2பி-யில் இல்லாததை எடுக்க முடியாது, 2022 ஜனவரியிலிருந்து அப்படித்தான். பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

அதனால் கூட இருக்கும் இருபது நாளில் கண்ணில் படாதவை எவை என்று தனியாக யோசியுங்கள்.

---

நூல்கண்டு | ஜூலை 5, இரவு 9:55

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

> அட்டைப் பெட்டி. ஜூலை, ஆகஸ்ட் பில்கள் அந்தந்த மாதம் 2பி-யில் இருக்காது. தப்பு இல்லை. வரியை எடுக்காமல் ‘வர வேண்டிய ஐ.டி.சி.’ ஷீட்டில் பில் எண், தேதி, தொகை எழுதி வை. அக்டோபர் 14-இல் வரும் செப்டம்பர் 2பி-யில் மூன்று மாதமும் சேர்ந்து வரும், அப்போது எடு. அப்போதும் வரவில்லையென்றால்தான் அவருக்குப் போன். பேமெண்டை இதற்காக நிறுத்தாதே.
>
> வேறு யாருடைய பில்லாவது காணவில்லையென்றால்: ஜி.எஸ்.டி. தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ போய் அவர் எண்ணைப் போடு. மாதா மாதமா, மூன்று மாதமா, கடைசியாக எது போட்டிருக்கிறார் என்று தெரியும்.

---

பேரேடு | ஜூலை 5, இரவு 10:20

இரண்டாவது பத்தி முதலாவதைவிட நன்றாக இருக்கிறது.

---

தறிநாடா | ஜூலை 6, காலை 8:15

கண்ணில் படாதது என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் இடத்தில் அக்டோபரில் ஒருவர் போனார். மாத வேலை எல்லாம் பக்காவாக எழுதியிருந்தார். ஏப்ரல் முதல் வாரம் எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ் போடும்போதுதான் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யப் போடும் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அது வருடா வருடம் புதிதாகப் போட வேண்டியது. போடுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது, போட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. லாரி கேட்டில் நின்றது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: பேங்க் ஸ்டேட்மெண்டை ஒரு வருடத்துக்கு எடுத்து, ஒவ்வொரு டெபிட்டாக டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். மாதா மாதம் வராத எதுவும் ஒரு வருட வேலை. அரையாண்டுத் தொழில் வரி, இன்சூரன்ஸ், டாலி புதுப்பிப்பு, தராசுக்கு முத்திரை போட்ட கட்டணம்கூட அதில் மாட்டும். எல்.யு.டி. மாதிரி பணம் கட்டாதவை மாட்டாது, அதற்கு மெயிலைத்தான் பார்க்க வேண்டும். ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணின் விவரத்தை ஏப்ரல், மே, ஜூனுக்குள் வருடா வருடம் உறுதி செய்வதும் அப்படித்தான், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும்.

---

நூல்கண்டு | ஜூலை 9, இரவு 10:10

டிக் அடித்தேன். ஒன்பது சிக்கியது. அதில் இரண்டு எனக்கே மறந்திருந்தது. தராசு முத்திரை ஜூலை கடைசியில் வருகிறது, இப்போதே ஆளுக்குச் சொல்லிவிட்டேன். முதல் காலாண்டு டி.டி.எஸ். ரிட்டர்ன் ஜூலை 31, நான் போன பிறகு. அதைக் கிளம்புவதற்கு முன்பே அவளையே போட வைக்கலாம் என்று இருக்கிறேன்.

7-ஆம் தேதி டி.டி.எஸ். அவளே கட்டினாள், நான் பின்னால் நாற்காலியில். ஒரு தடவை வாய் திறக்கப் போய் அடக்கிக்கொண்டேன். அவள் எங்கே நிற்கிறாளோ அதைத் தாளில் குறித்தேன், நான்கு இடம். நான்கும் நோட்டில் இருந்தது, ஆனால் அவள் தேடின பெயரில் இல்லை. நான் ‘சலான்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன், அவள் ‘டி.டி.எஸ். கட்டுவது’ என்று தேடுகிறாள். தலைப்புகளை அவளையே மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது 38 பக்கம் 14 ஆகிவிட்டது.

---

ஈரோட்டுக்காரி | ஜூலை 10, காலை 9:30

பாதியில் நிற்கும் விஷயங்களை எழுதினீர்களா? எனக்கு அதில்தான் அதிகப் போன் வரும். “இந்த டெபிட் நோட்டை அவர் ஒத்துக்கொண்டாரா இல்லையா” மாதிரி.

---

நூல்கண்டு | ஜூலை 10, இரவு 9:00

இரண்டு இருக்கிறது. ஒன்று ஜி.எஸ்.டி. நோட்டீஸ், பதில் ஜூலை 28-க்குள். ஆடிட்டர் பதில் தயார் செய்கிறார், அவருக்கு இரண்டு டி.சி. நகல் அனுப்ப வேண்டும், ஒன்று அனுப்பியாகிவிட்டது. இன்னொன்று கோயம்புத்தூர் கடைக்காரர் 1,86,000 பாக்கி. அவர் கடைசியாக என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், நான் என்ன ஒத்துக்கொண்டேன் என்று எழுதினேன். அவர் “உங்க பழைய மேடம் பதினைந்து நாள் டைம் கொடுத்தாங்களே” என்று புதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய ஆள். நான் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிவிட்டேன்.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. பில் இல்லாமல் நடக்கும் சில விஷயங்கள் இருக்கும்தானே எல்லா இடத்திலும். அதை எழுதுவதா?

---

பேரேடு | ஜூலை 10, இரவு 10:15

உங்கள் கையால் எழுதாதீர்கள். அது பார்ட்னர் அவளிடம் சொல்ல வேண்டியது. அவள் செய்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

---

தறிநாடா | ஜூலை 10, இரவு 10:40

இதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். எழுத வேண்டாம், சரி. ஆனால் அவளிடம் வாயாலாவது அக்கா சொல்லிவிட வேண்டும். தெரியாமல் மாட்டிக்கொண்டால் அந்தப் பெண்தான் பதில் சொல்லுவாள். முதலாளி சொல்லுவார் என்று நம்ப முடியாது.

---

பேரேடு | ஜூலை 10, இரவு 11:05

சொன்ன பிறகு “அந்த அம்மா சொன்னாங்க” என்று பேர் வருமே என்று யோசிக்கிறேன். நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

---

சாக்பீஸ் | ஜூலை 11, காலை 6:05

எதுவாயினும் கையொப்பம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

---

நூல்கண்டு | ஜூலை 23, இரவு 11:30

கிளம்பிவிட்டேன். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 15 பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20 3பி எல்லாம் அவள் கையாலேயே. 20-ஆம் தேதி நான் வேண்டுமென்றே ஆபீஸ் போகாமல் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு போன், அதுவும் சலான் ரசீதை எந்த ஃபோல்டரில் போடுவது என்று. அதை நோட்டில் சேர்த்தாள், அவளே.

---

பட்டன்ஹோல் | ஜூலை 24, காலை 8:00

இனிமேல் போன் வந்தால் எடுப்பீர்களா?

---

நூல்கண்டு | ஜூலை 24, காலை 8:20

ஒரு மாதம், சாயங்காலம் 7-லிருந்து 8 வரை என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் நோட்டில் பார்க்க வேண்டும், கேட்டதற்குப் பதில் கிடைத்ததும் அதை அவள் நோட்டில் எழுத வேண்டும்.

---

பேரேடு | ஆகஸ்ட் 15, காலை 10:00

நேற்று 14. பெட்டிக்காரர் என்ன ஆனார் அம்மணி?

---

நூல்கண்டு | ஆகஸ்ட் 15, இரவு 8:45

உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன் அண்ணா. நேற்று 7:10-க்குப் போன் வந்தது. பெட்டிக்காரர் பில் காணோம், ஷீட்டில் எழுதிவிட்டாளாம். கேட்க வந்தது அது இல்லை. லேபிள்காரர் பில்லும் காணோம். ஏழு வருடமாக மாதா மாதம் போடுபவர். அவள் தளத்தில் தேடியிருக்கிறாள், இந்தக் காலாண்டிலிருந்து மூன்று மாதத்துக்கு மாறிவிட்டிருக்கிறார். “நோட்டில் பெட்டிக்கு எழுதினதையே இவருக்கும் எழுதிக்கிட்டேன் அக்கா, சரிதானே?” என்றாள். சரிதான் என்றேன். இரண்டு நிமிடம்.

இந்த மூன்று வாரத்தில் அவளிடமிருந்து நான்கு போன். பெரியவரிடமிருந்து பதினேழு. ஓடிபி வந்தால் அதை என்ன செய்வது என்று கேட்கிறார்.